ஒரு 'தான்' செய்யும் வேலை

*கேள்வி: பிரிட்டிஷ் விமர்சகர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் விமர்சனத்தைத் தமிழாக்கினேன். அவர் கொடுத்தது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். என் தமிழைப் படித்தவர்களோ அதைப் புகழுரை என்கிறார்கள். கிண்டல் வரிகளும் பாராட்டாகவே ஒலிக்கின்றன. ஆச்சரியக்குறி போட்டுக் காட்டலாமா?*

ஆச்சரியக்குறி வேண்டாம். நீங்கள் அனுப்பிய பக்கங்களில், கிண்டலுக்கு முன்பே பாராட்டின் அளவு பிசகியிருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

மூலத்தின் 'க்வைட் குட்' உங்களிடம் 'மிகவும் நன்றாக இருக்கிறது' என்று ஆகியிருக்கிறது. அமெரிக்கர் எழுதியிருந்தால் அது ஏறக்குறையச் சரி. பிரிட்டிஷ்காரர் எழுதும்போது அதே சொற்கள் பெரும்பாலும் 'நன்று' என்பதற்கு ஒரு படி கீழே நிற்கும். இதற்கு அகராதியில் அடைமொழி தேடாதீர்கள். 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று எழுதிப் பாருங்கள். அந்தத் 'தான்' காதில் விழுந்ததுமே, அடுத்து ஓர் 'ஆனால்' வரப்போகிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். 'நன்றாகவே' என்றால் பாராட்டு ஏறிவிடும்; 'பரவாயில்லை' என்றால் தேவைக்கு மேல் இறங்கிவிடும்.

விமர்சனத்தில் உள்ள பாராட்டுச் சொற்களை எல்லாம் தனியே எழுதி, அந்த விமர்சகரின் கணக்கில் எது உச்சம், எது ஒப்புக்குச் சொன்னது என்று வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். 'அருமை'யை அந்த உச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நட்சத்திர விமர்சனத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்தாலே அதிகம்.

இனி கிண்டல். நாவலாசிரியர் நிறைய நாவல்கள் படித்திருப்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது என்கிறார் விமர்சகர். நீங்கள் 'நாவலாசிரியரின் பரந்த வாசிப்பு வியக்க வைக்கிறது' என்று எழுதியதில் வஞ்சப்புகழ்ச்சி வெறும் புகழ்ச்சியாகிவிட்டது. பொருளை விளக்கப் போய் 'பிறர் நாவல்களைக் காப்பியடித்திருக்கிறார்' என்று எழுதினால் இன்னும் மோசம். விமர்சகர் வைக்காத குற்றச்சாட்டை அவர் தலையில் ஏற்றிவிடுவீர்கள். 'நாவலாசிரியர் நிறைய நாவல்கள் படித்திருக்கிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது' என்று முகம் மாறாமல் எழுதுங்கள். குத்தல் 'பக்கத்துக்குப் பக்கம்' என்பதில் இருக்கிறது. அங்கே 'போலும்' சேர்த்தாலோ ஆச்சரியக்குறி போட்டாலோ, மூலத்தில் சிரிக்காமல் பேசியவர் தமிழில் கண் சிமிட்டுவார்.

சிலேடையை நம்பி நிற்கும் கிண்டல் சில சமயம் வரவே வராது. அப்போது நகைச்சுவையை விட்டுவிட்டு அதை மென்மையான குறையாக எழுதலாம். பாராட்டாக மட்டும் விட்டுவிடாதீர்கள். கிண்டல் போனால் சுவைதான் குறையும், குறை பாராட்டானால் தீர்ப்பே மாறிவிடும்.

முடித்தபின், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் நட்சத்திரத்தை மறைத்துப் படிக்கக் கொடுங்கள். ஐந்துக்கு எத்தனை கொடுத்திருப்பார் என்று கேளுங்கள். 'நான்கு' என்றால், எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். திருத்த வேண்டிய இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.