பையனுக்குத் தொண்டை அடைப்பான், நமக்கு எதற்கு மாத்திரை?

"உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் மகனுக்கு 7 வயது. தொண்டை அடைப்பான் என்று மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். குதிரைச் சீரம் ஏற்றினார்கள், மாத்திரையும் போகிறது. காய்ச்சல் விட்டும் பக்கத்தில் விட மாட்டேன் என்கிறார்கள். பையனின் 4 வயதுத் தங்கை, பால் ஊற்றும் அண்ணன், நான், எல்லாருக்கும் மாத்திரை தந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றுமே இல்லையே, எதற்கு?"

தொண்டை அடைப்பானை உண்டாக்கும் டிப்தீரியா கிருமி பெரும்பாலும் தொண்டையிலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே போவது அது கக்கும் விஷம். அதனால்தான் பையனுக்கு இரண்டு மருந்து. எரித்ரோமைசினோ பென்சிலினோ கிருமியைக் கொல்லும், ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் கலந்த விஷத்தை ஒன்றும் செய்யாது. அதை முறிப்பது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். அதுவும் ரத்தத்தில் சுற்றும் விஷத்தை மட்டும்தான் பிடிக்கும். இதயத்திலோ நரம்பிலோ ஒட்டிவிட்டதைப் பிடுங்க முடியாது. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஏற்றுவது இதற்காகத்தான். குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாது என்பதால் முதலில் சிறிது கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள்.

காய்ச்சல் விட்டதை வைத்து வீட்டுக்கு அழைத்து வரக் கேட்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்தும் இதயத் துடிப்பு தடுமாறலாம். அப்புறம், 14 நாள் மருந்து முடிந்தபின் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை தொண்டையில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார்கள். இரண்டிலும் கிருமி வளராவிட்டால்தான் தனிமை முடியும்.

சரி, உங்கள் விஷயம். நோயே இல்லாமல் கிருமியைத் தொண்டையில் சுமப்பவர்கள் உண்டு. தடுப்பூசி போட்டவர்களும் சுமக்கலாம், ஏனென்றால் ஊசி தடுப்பது விஷத்தை, கிருமி ஒட்டுவதை அல்ல. உங்களுக்குச் சீரம் தராமல் மாத்திரை மட்டும் தந்ததன் கணக்கு இதுதான். எரித்ரோமைசின் 7 முதல் 10 நாள். பாப்பா 15 கிலோ என்றால் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் நாளைக்கு 600, நான்கு வேளையாக 150. வயிற்றைப் புரட்டும், அதனால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சாப்பிட்டபின் கொடுங்கள். முடியவே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரே ஒரு பென்சத்தின் பென்சிலின் ஊசியோடு முடிக்கலாம்: 6 வயதுக்குள் 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம்.

மருந்து தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தொண்டை மாதிரி எடுக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் கேளுங்கள். கிருமி இல்லை என்று முடிவு வரும்வரை அண்ணன் பால் கறக்கவும் ஊற்றவும் வேண்டாம், வேறு ஆள் பார்க்கட்டும். பையனோடு கடைசியாகப் பழகியதிலிருந்து 7 நாள் எல்லாரும் தொண்டையைக் கவனியுங்கள். வலியோடு சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் சுரண்டிப் பார்க்காமல் உடனே மதுரைக்குக் கிளம்புங்கள்.

பாப்பாவின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். விட்டுப்போன ஊசி இருந்தால் இப்போதே போடுவார்கள். பையனுக்கும் தேறியபின் ஊசி உண்டு. இந்த நோய் ஒருமுறை வந்ததாலேயே எதிர்ப்புச் சக்தி வந்துவிடும் என்று நம்ப முடியாது.