பட்டறைக்கு ஒரு பெயர்

மதிப்பிற்குரிய ஐயா,

காரைக்குடியில் என் தந்தை பெயர்ப்பலகை எதுவும் இல்லாமலே பல ஆண்டுகள் தச்சு வேலை செய்தார். இப்போது நானும் மூன்று ஆசாரிகளும் சேர்ந்து கட்டில், சாப்பாட்டு மேசை, அலமாரி, நிலை, கதவு ஆகியவற்றை ஆர்டரின் பேரில் அளவெடுத்துச் செய்து கொடுக்கிறோம். வங்கிக் கணக்குக்கும் ஜி.எஸ்.டி. பதிவுக்கும் ஒரு பெயர் வேண்டும். வீட்டில் ‘ஸ்ட்ராங் வுட் ஃபர்னிச்சர் மார்ட்’, ‘செட்டிநாடு தேக்கு’, ‘நூற்றாண்டு மரவேலை’ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மரத்தின் வைரத்தைக் குறிக்கும் ‘காழ்’ என்ற பழஞ்சொல்லை வைத்துக் ‘காழகம்’ என்று சூட்ட எனக்கு ஆசை. கைத்திறனும் உறுதியும் பெயரில் தெரிய வேண்டும். தந்தையின் பெயரையே வைத்துவிடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. தங்கள் கருத்து என்ன?

சி., காரைக்குடி

அன்புள்ள சி.,

உங்கள் வீட்டார் சொன்ன மூன்று பெயர்களும் உறுதியை வாய்விட்டுச் சொல்பவை. அதுதான் அவற்றின் பலவீனம் என்பது என் எண்ணம். மரச்சாமான் வாங்க வருபவர் ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லை ஏற்கெனவே பத்துப் பலகைகளில் பார்த்துவிட்டுத்தான் உங்கள் வாசலுக்கு வருகிறார். அதைவிடச் சிக்கலானது அந்தப் பெயரின் வால். ‘மார்ட்’, ‘பேலஸ்’, ‘ஷோரூம்’ ஆகிய சொற்களைக் கேட்டதும், செய்து அடுக்கி வைத்த சாமானைப் பார்த்துப் பேரம் பேசி அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் கடையைத்தான் மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அளவெடுத்து, மரம் தேர்ந்து, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டிய உங்கள் இடத்துக்கு அப்படி நினைத்துக்கொண்டு வருபவர், முன்பணம் என்றதும் திரும்பிப் போய்விடுவார். பெயரின் முற்பாதியைப் பற்றிக் குடும்பமே கூடி விவாதித்துவிட்டுப் பிற்பாதியை அச்சகத்துக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். உங்கள் தொழிலில் பிற்பாதிதான், இங்கே கையால் செய்கிறார்கள் என்ற செய்தியைச் சொல்லும். ஆகவே அதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்: ‘தச்சுப் பட்டறை’. ‘மரவேலையகம்’, ‘தச்சகம்’ ஆகியவையும் நல்ல சொற்கள்தாம். ஆனால் ‘பட்டறை’ என்றால் உளிச் சத்தமும் மரத்தூளும் யாருக்கும் விளக்காமலே நினைவுக்கு வந்துவிடும்.

‘செட்டிநாடு தேக்கு’ வேறு வகையில் ஆபத்தானது. உங்கள் ஊரில் இடிக்கப்படும் பழைய வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் உத்தரங்களும் கைமாறுவதை வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். அந்தப் பெயரைப் படித்துவிட்டு வருபவர், நீங்கள் செய்யும் ஒவ்வொரு சாமானும் அந்த மரத்தில்தான் செய்யப்பட்டது என்று எண்ணிக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு. நீங்களோ வாடிக்கையாளரின் கைக்கு ஏற்ப ஒருவருக்குக் கானா தேக்கிலும், ஒருவருக்கு வேங்கையிலும், அலமாரி என்றால் பிளைவுட்டிலும் செய்து கொடுக்க வேண்டியிருக்கும். 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம், பொதுமக்களை ஏமாற்றும் அல்லது குழப்பும் தன்மையுள்ள பெயரைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. சட்டம் வரைக்கும் போகாவிட்டாலும், தேக்கு என்று பலகை மாட்டிய இடத்தில் பிளைவுட் அலமாரிக்குப் பில் போடும்போது ஒவ்வொரு முறையும் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். மரத்தின் பெயர் பில்லில் இருக்க வேண்டியது. அங்கே எவ்வளவு விவரமாக எழுதினாலும் நல்லதே.

‘நூற்றாண்டு’ பற்றியும் சொல்ல வேண்டும். சாமானின் ஆயுளைத் தீர்மானிப்பவை எவை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்தோமா, அதைச் சுற்றியுள்ள மென்மையான வெளிற்றையும் சேர்த்து அறுத்தோமா என்பது ஒன்று. பூச்சி முதலில் துளைப்பது வெளிற்றைத்தான். மரம் எவ்வளவு உலர்ந்த பிறகு வேலைக்கு எடுத்தோம் என்பது இன்னொன்று. இவை இரண்டும் சரியாக இருந்தாலும், அகலமான மேசைப்பலகை மழைக்காலத்தில் குறுக்குவாட்டில் உப்பிக் கோடையில் சுருங்கத்தான் செய்யும். திருகாணி நகர்வதற்கு நீள்துளை விடாமல் பலகையைச் சட்டத்தோடு இறுக்கியிருந்தால் அது நடுவில் வெடிக்கும். இதில் ஒரு பங்கு உங்கள் கையில் இருக்கிறது. மறு பங்கு, அந்த மேசையை வாடிக்கையாளர் குளிரூட்டிய அறையில் போடுகிறாரா, வெயில் விழும் தாழ்வாரத்தில் போடுகிறாரா என்பதில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கைப் பெயரில் எழுதிவிட்டால் இரண்டு பங்குக்கும் நீங்களே பொறுப்பாளி ஆகிவிடுவீர்கள். ஐந்தாம் ஆண்டில் விரிசலோடு வருபவர் உங்கள் பலகையைத்தான் சுட்டிக்காட்டுவார்.

இப்போது உங்கள் ‘காழகம்’. சொல் அழகானது, பழமையும் உண்டு. வெளியே வன்மை உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே வன்மை உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் பிரிக்கும் இடத்தில் வரும் ‘அகக்காழ்’ உங்கள் தொழிலுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் பெயர் முதலில் வாழ வேண்டிய இடம் தொலைபேசி. ஆணிக் கடைக்காரரிடமும் லாரி அலுவலகத்திலும் ‘காழகம்’ என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் ‘கழகம்’ என்று எழுதிக்கொண்டு எந்தக் கட்சி என்று கேட்பார்கள். ஆங்கில எழுத்தில் Kazhagam என்று தட்டினால் இரண்டுக்கும் வேறுபாடே இராது. ழகரம் உள்ள வேறு சொற்களுக்கும் இதே கதிதான். ‘இழைப்பு’ என்று வைத்தால் நம் பேச்சில் அது ‘இளைப்பு’ ஆகிவிடும். உறுதியை விற்க வந்த பட்டறைக்கு மெலிவும் மூச்சுவாங்கலும் பெயராக அமைந்துவிடும். ‘பொருத்தம்’ என்றால் ஜாதகத்தோடு வருவார்கள். ‘மூட்டு’ என்றால் தைலம் கேட்பார்கள்.

கைத்திறனையும் உறுதியையும் பண்புச் சொற்களில் தேடாமல், அவ்விரண்டும் இருந்தால்தான் நிற்கக்கூடிய ஒரு பொருளின் பெயரில் தேடுங்கள் என்பதே என் ஆலோசனை. நீங்களே உங்கள் கடிதத்தில் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: நிலை. வீட்டு வேலையில் தச்சருக்குத் தனி மரியாதை கிடைப்பது நிலை வைக்கும் நாளில்தான். மஞ்சள் குங்குமம் பூசிப் பூச்சூட்டி, நாள் பார்த்து நிறுத்துகிறார்கள். உங்கள் பக்கத்து வீடுகளில் மேல்சட்டத்தில் கஜலட்சுமியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கச் சட்டத்தின் தலையில் முளை எடுத்து, மேல்சட்டத்தில் அதற்குச் சரியாகத் துளை வெட்டி, மூலைமட்டம் பார்த்து இறக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் கதவு உராய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். கையின் நேர்த்தியும் நெடுநாள் நிற்றலும் ஒரே பொருளில் இருக்கின்றன. அதைச் சொல்ல எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை.

‘நிலை’ என்பதை மட்டும் தனியே வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. அது அன்றாடச் சொல். இணையத்தில் தேடினால் உங்கள் பட்டறை கிடைக்காது. ஆங்கிலத்தில் Nilai என்று தேடினால் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ஊர் ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கும். ‘நிலைவாசல்’ என்றால் கதவு வேலை மட்டும்தான் செய்வார்கள் என்று கட்டில் கேட்பவர் கடந்துபோய்விடுவார். நிலையின் இரு பக்கத்திலும் நிற்கும் சட்டத்துக்கு ‘நிலைக்கால்’ என்று பெயர். ‘நிலைக்கால் தச்சுப் பட்டறை’ என்று சொல்லிப் பாருங்கள். காலில் நிற்கும் கட்டிலுக்கும் மேசைக்கும் அது பொருந்துகிறது; ழகர ளகரத் தடுமாற்றமும் இல்லை. ஆங்கில எழுத்தில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். Nilaikal என்றால் ‘நிலைகள்’ என்று படிப்பார்கள். Nilaikkaal என்று ஒரே வடிவத்தை முடிவு செய்து வங்கி, ஜி.எஸ்.டி., விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத நான்கைந்து பேரிடம் தொலைபேசியில் ஒருமுறை மட்டும் சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலோர் தவறாக எழுதினால் இந்தப் பெயரையும் விட்டுவிடலாம்.

பலகை எழுதக் கொடுப்பதற்கு முன் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள், அது இலவசம். மரச்சாமான்கள் 20ஆம் வகுப்பிலும், மரக்கதவும் நிலையும் 19ஆம் வகுப்பிலும் வரும். எழுத்து வடிவில் தேடுவதோடு ஒலி ஒப்புமையிலும் தேட வேண்டும். ஒத்த ஒலியுள்ள பெயரை வேறொருவர் அதே வகுப்பில் ஏற்கெனவே பதிந்திருந்தால், நீங்கள் வேறு எழுத்தில் எழுதுவதால் தப்பிவிட முடியாது. சரக்கின் தன்மையையோ தரத்தையோ ஊரையோ நேரடியாகச் சொல்லும் பெயர்களைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பொதுவாக ஏற்பதில்லை. நெடுங்காலப் பயன்பாட்டால் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டவற்றுக்கு விலக்கு உண்டு. ‘ஸ்ட்ராங் வுட்’ அந்த இடத்துக்கு வந்து சேரும்போது உங்கள் பேரன் பட்டறையில் இருப்பார். தமிழில் எழுதினால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். விண்ணப்பத்திலேயே ஒலிபெயர்ப்பையும் பொருளையும் தர வேண்டும். இந்தக் கணக்கில் ‘நிலைக்கால்’ மேசைக்கும் கட்டிலுக்கும் நல்ல பெயர். நிலைக்கும் கதவுக்கும் அது சரக்கின் பெயராகவே ஆகிவிடுவதால் மறுப்பு வரலாம். எனவே முதலில் 20ஆம் வகுப்பில் மட்டும் விண்ணப்பியுங்கள். தனிநபர் இணையவழி விண்ணப்பிக்க வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

தந்தையின் பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருடைய கைவேலையை அறிந்தவர்கள் ஊரில் இருக்கும்வரை அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதே பெயருள்ள இன்னொருவர் தம் சொந்தப் பெயரில் நேர்மையாகத் தொழில் செய்வதைச் சட்டம் தடுக்காது. வெளியூர் வாடிக்கையாளருக்கு அந்தப் பெயர் எதையும் உணர்த்தவும் செய்யாது. ஆகவே பட்டறைப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அவர் பெயரைச் சொல்லி ‘மகன்’ என்று எழுதுங்கள். பலகையில் தமிழ் மேலேயும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதி; ஆங்கிலம் அதற்குக் கீழேதான் வரலாம். இரும்பு முத்திரை ஒன்று அடித்து வைத்துக்கொண்டு, மேசையின் அடிப்பக்கத்திலும் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தின் பின்புறத்திலும் பட்டறைப் பெயரையும் ஆண்டையும் சூடு போட்டுக் கொடுங்கள். முத்திரையில் ‘தச்சுப் பட்டறை’ வேண்டாம். ‘நிலைக்கால், காரைக்குடி’ என்ற அளவில் இருந்தால் எழுத்து தெளிவாக விழும்.