மாமா கவனிக்கவில்லை என்றால் சரியாகிவிடுமா?

"ஈரோட்டில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துகிறேன். என் மனைவியின் தாய்மாமாவுக்கு ஜவுளி மொத்த வியாபாரம். பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்து தருவதாக 16 ஸ்லைடு டெக் ஒன்றைக் காட்டினோம். 9 லட்சத்துக்குச் சம்மதித்தார். இப்போது எஸ்.ஓ.டபிள்யூ., அதாவது என்ன வேலை, எப்போது, என்ன தொகை என்று சொல்லும் வேலை ஒப்பந்தப் பத்திரம், எழுதித் தரச் சொல்கிறார். டெலிவரபிள், மைல்ஸ்டோன் எல்லாம் டெக்கிலிருந்தே எடுத்து எழுதி, டெக்கையும் பின்னால் இணைத்துவிட்டேன். 'இதில் சேராதவை' என்ற பகுதி மட்டும் எழுதக் கை வரவில்லை. சொந்தக்காரரிடம் இது கிடையாது, அது கிடையாது என்று பட்டியல் போட்டால் என்ன நினைப்பார்? 11-ஆம் ஸ்லைடில் 'பழைய டேலி கணக்கு முழுவதும் மாற்றித் தரப்படும்' என்று என் மச்சான் கடைசி நேரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான். அதை எஸ்.ஓ.டபிள்யூ.வில் விட்டுவிட்டேன். மாமா அதைக் கவனித்திருக்க மாட்டார். எக்ஸ்க்ளூஷனை நாசூக்காக எழுதுவது எப்படி?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

தம்பி, நாசூக்கு அப்புறம் இருக்கட்டும். "மாமா அதைக் கவனித்திருக்க மாட்டார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

ஈரோட்டில் மொத்த வியாபாரம் செய்கிறவர் 9 லட்சம் கொடுக்கிற காகிதத்தைப் படிக்காமலா சம்மதித்திருப்பார்? மீட்டருக்கு எட்டணா குறைக்க அரை மணி நேரம் பேசுகிறவர்கள் அவர்கள். மிச்ச 15 ஸ்லைடையும் மறந்திருந்தாலும் அந்த ஒரு வரி அவர் மனசில் நிற்கும், ஏனென்றால் அது அவருடைய பழைய கணக்கு. சரி, நிஜமாகவே கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நீங்கள் செய்வது இன்னும் மோசம். பெரியவர் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், கொடுத்த வாக்கைச் சத்தமில்லாமல் உருவுகிறீர்கள். வெளி ஆளிடம் இப்படிச் செய்தால் தொழில் தந்திரம் என்று நாலு பேர் சொல்வார்கள். பெண் கொடுத்த வீட்டில் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

அதையும் அரைகுறையாகத்தான் செய்திருக்கிறீர்கள். வரியை எஸ்.ஓ.டபிள்யூ.வில் விட்டுவிட்டு டெக்கைப் பின்னால் இணைத்திருக்கிறீர்கள். இணைப்பும் ஒப்பந்தத்தில் சேர்ந்ததுதான், 11-ஆம் ஸ்லைடு உட்பட. நாளை தகராறு வந்தால் மாமா அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும். டெக்கை முதலில் கழற்றுங்கள். "இந்த வேலைக்கு இந்தப் பத்திரமே முடிவானது, இதற்கு முன் காட்டிய டெக், மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி எதுவும் இதன் பகுதி அல்ல" என்று ஒரு வரி எழுதுங்கள். ஆனால் அந்த வரியை எழுதும் தகுதி, டெக்கில் உள்ள ஒவ்வொரு வாக்கையும் பற்றி அவரிடம் பேசி முடித்த பிறகுதான் உங்களுக்கு வரும்.

டெக் எழுதுவது ஆசை காட்ட, எஸ்.ஓ.டபிள்யூ. எழுதுவது கணக்குத் தீர்க்க. அதிலிருந்து இதற்கு அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. டெக்கைப் பிரிண்ட் எடுத்து, "தரப்படும், செய்யப்படும், கிடைக்கும்" என்று முடிகிற ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போடுங்கள். அதில் செய்யப்போவது டெலிவரபிளுக்குப் போகும். அந்த வரியில் இல்லாவிட்டாலும் இருப்பதாக மாமா நினைத்துக்கொள்ளக்கூடியது 'சேராதவை'க்குப் போகும். சொல்லிவிட்டோம், இப்போது செய்ய முடியாது என்றால் அதற்குப் பத்திரத்தில் இடமே இல்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். டெக் பேசாத விஷயத்தை எக்ஸ்க்ளூஷனில் எழுதலாம். டெக் கொடுத்த வாக்கை எக்ஸ்க்ளூஷனில் எழுதினால் அது வாக்கு மாறுவது.

இனி அந்த 11-ஆம் ஸ்லைடுக்கு வருவோம். மாமா கடையில் டேலி பத்து வருடமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "முழுவதும்" என்றால் பத்து வருட பில் ஒவ்வொன்றும். 2017 ஜூலை 1-க்கு முந்தைய பில்களில் ஜிஎஸ்டியே கிடையாது, வரிக் கணக்கே வேறு. ஜிஎஸ்டிக்காகக் கட்டிய உங்கள் சாஃப்ட்வேரில் அவற்றை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? அப்புறம் சரக்குப் பெயர்கள். ஒரே வேட்டியை ஒரு கணக்குப்பிள்ளை "வேட்டி 40" என்றும், அடுத்து வந்தவர் "40 வேஷ்டி" என்றும், அவசரத்தில் ஒரு பையன் "வேட்டி புதுசு" என்றும் பதிந்திருப்பார்கள். மூன்றும் ஒன்றுதான் என்பது கடையில் இருப்பவருக்குத்தான் தெரியும், உங்கள் புரோகிராமுக்குத் தெரியாது. உங்கள் மச்சான் ஒரு நிமிடத்தில் எழுதிய வரி இரண்டு ஆளை மாதக் கணக்கில் உட்கார வைக்கும்.

மாமாவுக்கு உண்மையில் வேண்டியது என்ன? யார் எவ்வளவு பாக்கி, எந்தக் குடோனில் எவ்வளவு சரக்கு, போன வருடம் இந்தப் பார்ட்டிக்கு என்ன விலை போட்டோம். இவ்வளவுதான் தினமும் பார்ப்பார். ஆகவே நேரில் பேசி அவர் சம்மதித்த பிறகு டெலிவரபிளை இப்படி எழுதுங்கள்: "ஏப்ரல் 1 அன்றைய தொடக்க இருப்பு, நடப்பில் உள்ள சரக்குப் பட்டியல், எல்லாப் பார்ட்டிகளின் தீராத பில்கள், பில் வாரியாக, முந்தைய இரண்டு நிதியாண்டுகளின் விற்பனை பில்கள், பார்க்க மட்டும்." 'சேராதவை'யில்: "அதற்கு முந்தைய பில்கள் டேலியிலேயே இருக்கும். சரக்குப் பெயர்களில் இரட்டிப்பை நீக்கித் தருவது கடையின் பொறுப்பு." பழைய டேலியை அழிக்க வேண்டாம் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். புதுசு வந்துவிட்டதே என்று பழைய கம்ப்யூட்டரை யாராவது எடைக்குப் போட்டால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

முடிந்தது என்று எப்படித் தெரியும்? அதையும் எழுத வேண்டும். மார்ச் 31 அன்றைய டேலி டிரையல் பேலன்ஸும் உங்கள் சாஃப்ட்வேர் காட்டும் தொகையும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டும்; பார்ட்டி வாரியான பாக்கியும் குடோன் வாரியான சரக்கு எண்ணிக்கையும் அதேபோல். மூன்று பிரிண்ட் அவுட், கணக்குப்பிள்ளையின் மூன்று கையெழுத்து. "திருப்திகரமாக மாற்றித் தரப்படும்" என்று எழுதினீர்களானால், யாருடைய திருப்தி என்று ஆயுசுக்கும் பேசிக்கொண்டிருக்கலாம்.

மைல்ஸ்டோனை டெக்கிலிருந்து எடுத்தேன் என்கிறீர்கள். டெக்கில் "முதல் மாதம், இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம்" என்று அம்புக்குறிதான் இருந்திருக்கும். மாதம் முடிந்தால் மைல்ஸ்டோன் முடிந்ததாகாது. கையில் ஒரு பொருள் மாற வேண்டும். கையெழுத்தானதும் 1,80,000, சோதனை மாற்றம் செய்து அந்த மூன்று பிரிண்டும் ஒத்துப்போனதும் 2,70,000, ஒரு குடோனில் இரண்டு வாரம் நிஜ பில் போட்டதும் 2,70,000, கடை முழுக்க ஓடத் தொடங்கி 30 நாள் கழித்து மீதி 1,80,000. நாட்களை, மாமா டேலி பேக்கப்பும் திருத்திய சரக்குப் பட்டியலும் கொடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள், கையெழுத்திட்ட தேதியிலிருந்து வேண்டாம். நீங்கள் ஒப்படைத்ததில் ஏழு வேலை நாளுக்குள் அவர் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்றும் ஒரு வரி இருக்கட்டும். சோதனையைத் தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தில் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளையிடம் பிரிண்ட் அவுட் நீட்டினால் அதிலேயே வடை மடித்துக் கொடுப்பார்.

டெக்கில் "ஜிஎஸ்டி பில்லிங்" என்று ஒரு ஸ்லைடு நிச்சயம் இருக்கும். வருட வியாபாரம் 5 கோடியைத் தாண்டிய கடை, மற்ற வியாபாரிக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். அவர் கடை அதைத் தாண்டுகிறது என்றால், ஜிஎஸ்டி பில்லிங் என்று படித்ததும் அதுவும் இ-வே பில்லும் உள்ளேதான் என்று நினைப்பார்; நினைப்பதில் தப்பில்லை. உண்டா இல்லையா என்று இரண்டில் ஒன்றை எழுதுங்கள். அதேபோல் 9 லட்சத்தில் உங்கள் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா? வெளியே என்றால் அவர் கொடுக்கப்போவது 10,62,000. இதையும் அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறீர்களா?

மற்றபடி பார்கோடு பிரிண்டர், லேபிள் ரோல், இன்டர்நெட், எஸ்எம்எஸ் கட்டணம், 30 நாளுக்குப் பின்னான சர்வீஸ் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். "மேலே குறிப்பிடாத எதுவும் சேராது" என்ற ஒற்றை வரி போதும் என்று நினைக்க வேண்டாம். அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

சொந்தக்காரர் என்ன நினைப்பார் என்கிறீர்கள். உங்கள் கல்யாணத்தில் அதே மாமா வைத்த மொய்யை நோட்டில் பெயரும் தொகையும் போட்டுத்தானே வாங்கினார்கள்? யார் முகம் கோணியது? நம் வீடுகளில் எழுதியதால் கெட்ட உறவை நான் பார்த்ததில்லை. எழுதாமல் விட்டு, மூன்றாவது மாதம் "முழுவதும் என்று சொன்னாயே" என்று அவர் கேட்கும்போது பதில் சொல்லப்போவது நீங்களும் அல்ல, மச்சானும் அல்ல. உங்கள் மனைவிதான், பிறந்த வீட்டு விசேஷத்தில், சமையற்கட்டில் நின்றுகொண்டு. இதை அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அவர் ஓர் உறவுமுறையாக மட்டும்தான் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போங்கள். கணக்குப்பிள்ளையும் உடன் இருக்கட்டும். மச்சானைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அந்த வரியை அவர் வாயாலேயே விளக்கட்டும், அவருக்கும் மாமாதானே. "இந்த ஸ்லைடில் முழுவதும் என்று போட்டது எங்கள் தவறு. இவ்வளவுதான் இந்தத் தொகையில் முடியும். பத்து வருடமும் வேண்டும் என்றால் தனி வேலை, தனி விலை" என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம், பத்து வருடமும் இதே தொகையில் வேண்டும் என்று பிடிவாதமும் பிடிக்கலாம். கடைசியாகச் சொன்னதில் அவர் நின்றுவிட்டால், நீங்கள் எழுத்தில் கொடுத்த வாக்கைத்தான் கேட்கிறார். செய்து கொடுங்கள், நஷ்டத்தில் பாதியை மச்சான் பங்கில் எழுதுங்கள்.