தக்காளியிலும் டீயிலும் நிக்கோடினா?

"டாக்டர், என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறார். விடுங்கள் என்றால், தக்காளி, உருளைக்கிழங்கு, டீ எல்லாவற்றிலும் நிக்கோடின் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டி, 'நீயும் பிள்ளையும் தினமும் அதைத்தானே சாப்பிடுறீங்க' என்கிறார். அது உண்மையா? ஆறு வயதுப் பையனுக்குத் தக்காளி கொடுக்கலாமா? எனக்குக் காலையில் டீ குடிக்காவிட்டால் தலை வலிக்கிறது. அதுவும் நிக்கோடின் பழக்கமா?"
– ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புச் சகோதரிக்கு,

பையனுக்குத் தக்காளியைத் தாராளமாகக் கொடுங்கள். உருளைக்கிழங்கும் கொடுங்கள். செய்தியில் இருப்பது பொய் இல்லை, ஆனால் அதில் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இந்த விஷயத்தில் அளவுதான் எல்லாம்.

தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், மிளகாய் எல்லாம் புகையிலையோடு ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் அவற்றில் நிக்கோடின் துளியளவு இருப்பது இயல்பு. ஒரு கிலோ பழுத்த தக்காளியில் சுமார் 5 மைக்ரோகிராம், ஒரு கிலோ உருளைக்கிழங்கில் சுமார் 7 மைக்ரோகிராம் என்ற கணக்கில் ஆய்வகங்கள் அளந்திருக்கின்றன. ஒரு மில்லிகிராமை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். டீத்தூள் வேறு குடும்பம். அதிலும் நிக்கோடின் கிடைத்திருக்கிறது, ஆனால் தூளுக்குத் தூள் அளவு மாறும். சிலவற்றில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமும் அதற்கு மேலும்.

உங்கள் வீட்டுச் சமையலையே எடுத்துக்கொள்வோம். ரசம், குழம்பு, சட்னி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் தக்காளி என்று தாராளமாகவே வைக்கிறேன். அதில் 1 மைக்ரோகிராம். உருளைக்கிழங்குப் பொரியல் 200 கிராம், அதில் ஏறக்குறைய ஒன்றரை. நான்கு டம்ளர் டீக்கு 10 கிராம் தூள். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் உள்ள தூள்தான், இருந்தது முழுவதும் டீயில் இறங்கிவிட்டது என்றே வைத்தாலும் இன்னொரு 1 மைக்ரோகிராம். மொத்தம் நான்கைக்கூடத் தொடவில்லை.

இதுவும் அப்படியே ரத்தத்தில் சேர்வதில்லை. நாம் விழுங்குவது குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. நிக்கோடினில் பெரும்பகுதியைக் கல்லீரல் அங்கேயே கோட்டினின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தப்பித்து உடல் முழுக்கப் போகும். ஆக, நாள் முழுக்கச் சாப்பிட்டதில் மிஞ்சுவது ஒரு மைக்ரோகிராம், கொஞ்சம் கூடினால் ஒன்றரை. அதிலும் பாதி இரண்டு மணி நேரத்தில் போய்விடும். நேற்றைய தக்காளியின் நிக்கோடின் இன்றையதோடு சேர்ந்து குவிவதற்கு வழியே இல்லை.

இப்போது சிகரெட்டைப் பாருங்கள். ஒரு சிகரெட் பிடித்தால் உடலில் சேரும் நிக்கோடின் சுமார் 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். அது கல்லீரலுக்குப் போகாமல் நுரையீரலிலிருந்து நேராக ரத்தத்தில் கலந்து, பத்து இருபது விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடுகிறது. பழக்கத்தை ஆழமாகப் பதிய வைப்பது அந்த வேகம்தான். உங்கள் கணவர் பிடிக்கும் பத்து சிகரெட்டுக்கு 10,000 மைக்ரோகிராம். ஒரே ஒரு சிகரெட்டின் அளவைத் தக்காளியிலிருந்து பெற, கல்லீரல் கழிப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், 200 கிலோ சாப்பிட வேண்டும்.

அடுத்தது, சிகரெட் பிடிப்பவரைக் கொல்வது பெரும்பாலும் நிக்கோடின் இல்லை. அது அவரைத் திரும்பத் திரும்பச் சிகரெட்டிடம் கொண்டுவரும் பொருள். புற்றுநோயையும் மாரடைப்பையும் கொண்டுவருவது புகை: அதிலுள்ள தார், கார்பன் மோனாக்சைடு, புற்றுநோயை உண்டாக்கும் எழுபதுக்கும் குறையாத ரசாயனங்கள். தக்காளியை யாரும் கொளுத்தி உள்ளே இழுப்பதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அடிப்படையிலேயே தவறு.

உங்கள் தலைவலிக்குக் காரணம் டீயில் உள்ள கஃபீன். ஒரு டம்ளரில் அது 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும். டீயின் நிக்கோடின் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. டீயைக் குறைக்க விரும்பினால் சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், தலைவலி வராது.

இந்தக் காய்கறிக் கணக்கு எங்கிருந்து புறப்பட்டது என்பதையும் உங்கள் கணவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1993இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய சிறு கடிதம் அது. சிகரெட்டே தொடாதவர்களின் சிறுநீரிலும் கோட்டினின் தென்படுகிறதே, அது அடுத்தவர் விட்ட புகையால் வந்ததா, சாப்பாட்டால் வந்ததா என்பதுதான் அப்போது கேள்வி. அதற்காகத்தான் காய்கறிகளை அளந்தார்கள். அப்புறம் 1996இல், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தில் கோட்டினினை அளந்த பெரிய ஆய்வு வெளியானது. புகையிலையைத் தொடாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் அது இருந்தது. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அளவு கூடியது. சாப்பாட்டுக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை.

அதாவது, உங்கள் பையனின் உடலில் கோட்டினின் இருந்தால் அது ரசத்திலிருந்து வந்திருக்காது, அப்பாவின் சிகரெட்டிலிருந்துதான் வந்திருக்கும். புகை நிக்கோடினை மட்டும் கொண்டுவருவதில்லை. புகை சூழ்ந்த வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா, காதில் சீழ், அடிக்கடி நெஞ்சுச்சளி எல்லாம் அதிகம் வருகின்றன. ஜன்னலைத் திறந்து வைத்தாலோ பக்கத்து அறையில் போய்ப் பிடித்தாலோ போதாது. அவர் விடும்வரை வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் சிகரெட்டே கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள். நிக்கோடின் சூயிங்கமும் இருக்கிறது. அதில் ஒன்றில் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். சிகரெட் ஏக்கத்தை அடக்க இவ்வளவு தேவைப்படுகிறது. நாள் முழுக்கச் சாப்பாட்டில் வரும் நான்கு மைக்ரோகிராமால் யாருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இதய நோயோ ரத்தக் கொதிப்போ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

இந்த சூயிங்கத்தைப் பலர் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று எச்சிலை விழுங்கிவிட்டு, 'வேலை செய்யவில்லை' என்று தூக்கிப் போடுகிறார்கள். விழுங்கினால் அதுவும் கல்லீரலில்தான் அழியும், வயிறும் எரியும். சில தடவை மெல்ல வேண்டும், காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, குளிர்பானம் எதுவும் வேண்டாம். அவற்றின் புளிப்புத்தன்மை நிக்கோடினை வாய்வழியாக ஏறவிடாது.