பில் டிஸ்கவுண்டிங்ல மாசம் 1.2% தான் வட்டின்னு சொல்றாங்க, அப்போ வருஷத்துக்கு 14.4% தானே? எடுக்கலாமா?

நீங்களும் என்ன மாதிரி 90 நாள் கடனுக்கு சரக்கு போட்டுட்டு நூல்காரருக்கு பதில் சொல்ல முடியாம முழிக்கிறவர்னு நினைக்கிறேன். 14.4 இல்லீங்க, 25 கிட்ட வரும்.

எனக்கு இளம்பிள்ளைல சேலை தறி. சென்னை பார்ட்டி ஒருத்தருக்கு போட்ட 10 லட்சம் பில்லுக்கு பணம் தர்றோம்னு ஒரு கம்பெனி ஆள் தறிக்கூடத்துக்கே வந்தாரு. 80% அட்வான்ஸ், மாசம் 1.2%, பில் தொகைல 1% பீஸ், அவ்ளோதான் சார்னாரு. வட்டி எதுக்குங்க, 8 லட்சத்துக்கா 10 லட்சத்துக்கான்னு கேட்டதும் "பில் வேல்யூக்கு சார்"னு சத்தம் கொறஞ்சுது. அங்கேயே நூல் பில்லு பின்னாடி கணக்கு போட்டேன். 10 லட்சத்துக்கு மூணு மாச வட்டி 36,000, பீஸ் 10,000, மொத்தம் 46,000, அதையும் முதல்லயே பிடிச்சுக்கறாங்க (தண்டல்காரர் பண்ற அதே வேலைதான்). ஆக கைக்கு வர்றது 7,54,000. அதுக்கு 90 நாளைக்கு 46,000ன்னா 6.1%, அத 365/90ஆல பெருக்கினா வருஷத்துக்கு 24.7%. கூட்டு வட்டியா பாத்தா 27 தாண்டும்.

பாக்கி 2 லட்சம் திரும்ப வந்துருமேன்னு சண்டைக்கு வராதீங்க, வரும், அத நான் செலவுல சேக்கவே இல்ல, ஆனா கைக்கே வராத அந்த காசுக்கும் வட்டி ஓடுதுல்ல. பீஸுக்கு போடற 18% ஜிஎஸ்டியையும் கிரெடிட் எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன். வட்டிய 8 லட்சத்துக்கு மட்டும் போட்டா 20.7%க்கு எறங்கும், அதனால பேரம் பேசினா இதுக்கு பேசுங்க.

இன்னொன்னு, 30 நாள் பில்லுன்னா கம்மியா ஆகும்னு நினைப்பீங்க, பீஸ் நாளப் பாக்காம முழுசா விழுறதால அதே கணக்குல 34% தாண்டுது. எங்க பேங்க்ல ஓவர்டிராப்ட், அதான் ஓடி, 11.5%, லிமிட் மிச்சம் இருந்துச்சு, அவருக்கு டீ குடுத்து அனுப்பிட்டேன். ஓடியே இல்லாதவங்களுக்கு, கையில பணம் இருந்தா நூல்ல நல்ல தள்ளுபடி கெடைக்கும்ங்கறவங்களுக்கு கணக்கு வேற, எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல.

எடுத்தா பார்ட்டி பணம் தரலன்னா யார் பொறுப்புன்னு பேப்பர்ல பாருங்க, ரிகோர்ஸ்னு இருந்தா உங்க தலைலதான். பார்ட்டி பெரிய கம்பெனியா இருந்து ட்ரெட்ஸ்ங்கற ஆன்லைன் பில் டிஸ்கவுண்டிங் தளத்துல சேந்திருந்தா அங்க ரிகோர்ஸ் கெடையாது, பைனான்ஸ் பண்றவங்க போட்டி போட்டு ரேட் கேப்பாங்க. எங்க பார்ட்டி அதுல சேர மாட்டேங்கறாரு. சேலைய வித்து காசாக்கிட்டு 70 நாள் கழிச்சு கலர் மாறியிருக்குன்னு டெபிட் நோட் அனுப்புவாரு, நான் பில்லக் குடுத்திருந்தா அது அந்த 2 லட்சத்துல தான் விழுந்திருக்கும். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு 2006லயே சட்டம் போட்டாச்சு, கேட்டா "அப்ப தீபாவளி ஆர்டர வேற ஆளுக்கு குடுத்துக்கறேன்"ங்கறாரு.