அத்திவாரமா, கல் அரிதலா: எதிலிருந்து நாள் எண்ணுவது?

கேள்வி: கிளிநொச்சியில திட்ட முகாமைத்துவப் பாடநெறி படிக்கிறன். கிறிற்றிக்கல் பாத் பகுதியில முன்கணக்கும் பின்கணக்கும் குழப்புது. எங்கட கிராம அபிவிருத்திச் சங்கம் விதைநெல் வைக்க ஒரு களஞ்சிய அறை கட்டப்போகுது. மழைக்கு முதல் கூரை ஏறவேணும். இந்த வேலையை வைச்சே செய்முறையைச் சுருக்கமாச் சொல்லுவீங்களா?

பதில்: முதலில் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் போடுங்கள். எத்தனை நாள் எடுக்கும்? எது முடியாமல் இதைத் தொடங்கவே ஏலாது? இரண்டாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். வழக்கமாக எதற்குப் பிறகு செய்வோம் என்பதை எழுதக்கூடாது. உங்கள் களஞ்சிய அறைக்கு நான் போட்ட உத்தேசக் கணக்கு இது:

அ. அத்திவாரம்: 6 நாள்
ஆ. சீமெந்துக் கல் அரிந்து, தண்ணீர் விட்டுப் பதப்படுத்தல்: 14 நாள்
இ. சுவர்: 8 நாள் (அ, ஆ முடிய)
ஈ. ஓடாவி கூரைமரம் தயார்ப்படுத்தல்: 12 நாள்
உ. கூரை: 5 நாள் (இ, ஈ முடிய)
ஊ. பூச்சும் நிலமும்: 7 நாள் (உ முடிய)
எ. அதே ஓடாவி கதவு, யன்னல் செய்தல்: 6 நாள் (ஈ முடிய)

அடுத்தது முன்கணக்கு. தொடக்கத்தை 0 என்று வையுங்கள். அதாவது முதல் நாள் காலை. அத்திவாரம் 6இல் முடியும், கல் 14இல் முடியும். சுவருக்கு இரண்டும் வேண்டும், ஆகவே பெரிய எண்ணான 14இல்தான் சுவர் தொடங்கும், 22இல் முடியும். கூரைமரம் 12இலேயே தயார், ஆனாலும் கூரை 22க்குக் காத்திருந்து 27இல் முடியும். பூச்சு 34. கதவு வேலை 12இல் தொடங்கி 18இல் முடிந்துவிடும். எல்லாவற்றிலும் பெரியது 34, அதுவே மொத்தக் காலம்.

பின்கணக்கு கடைசியிலிருந்து வருவது. 34ஐ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பிந்தித் தொடங்கினாலும் பாதகமில்லை என்று கழித்துக்கொண்டு வாருங்கள். பூச்சு 27, கூரை 22, சுவர் 14, கல் 0, அத்திவாரம் 8. கதவு வேலை 28இல் தொடங்கினாலும் போதும். கூரைமரத்துக்குப் பின்னால் இரண்டு வேலை நிற்கின்றன: கூரை 22இல் கேட்கிறது, கதவு 28இல் கேட்கிறது. இங்கே சிறிய எண்ணை எடுக்கவேண்டும், 22. அதில் 12 நாளைக் கழித்தால், கூரைமரத்தை 10இல் தொடங்கினாலும் போதும். முன்னுக்குப் போகையில் பெரியது, பின்னுக்கு வருகையில் சிறியது. பரீட்சையில் பிழை விடுவது அநேகமாக இந்த இடத்தில்தான்.

பிந்திய தொடக்கத்திலிருந்து முந்திய தொடக்கத்தைக் கழித்தால் புளோட், அதாவது அந்த வேலைக்குள்ள இளக்கம், வரும். அத்திவாரத்துக்கு 8 நாள், கூரைமரத்துக்கு 10, கதவுக்கு 16. கல், சுவர், கூரை, பூச்சு நான்குக்கும் பூச்சியம். அந்த நான்கும் சேர்ந்ததே கிறிற்றிக்கல் பாதை. அதில் ஒரு நாள் பிந்தினால் முழு வேலையும் ஒரு நாள் பிந்தும்.

இனி, கல்லை அரியாமல் வாங்கினால்? 14 நாள் 3 நாளாகக் குறையும். 11 நாள் மிச்சம் என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். கல் 3இல் வந்தாலும் அத்திவாரம் 6இல்தான் முடியும், சுவர் அங்கிருந்தே தொடங்கும். மொத்தம் 26, மிச்சம் 8 நாள் மட்டும். பாதை அத்திவாரத்துக்கு மாறிவிட்டது, ஓடாவியிடம் இருந்த 10 நாள் இளக்கமும் 2 ஆகிவிட்டது. ஒரு வேலையைக் குறைத்தால் கணக்கை முதலிலிருந்து திரும்பப் போட்டே ஆகவேண்டும்.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. ஆள்பலத்தை அது பார்க்காது. அத்திவாரத்தையும் கல்லையும் ஒரே மேசன் குழுதான் செய்கிறது என்றால் இரண்டும் ஒன்றாக நடக்காது. ஊரில் வழக்கம்போல அத்திவாரத்தை முடித்துவிட்டுக் கல்லுக்கு வந்தால் 6உம் 14உம் சேர்ந்து 20 ஆகும், மொத்தம் 40 நாள். ஆனால் அந்த 14இல் அரிவது 7 நாள்தான், மிச்சம் 7 நாளும் கல் ஈரத்தில் கிடக்கிற காலம். தண்ணீர் விட ஒராள் போதும், எத்தனை பேரை இறக்கினாலும் அந்த நாளைக் குறைக்கவும் ஏலாது. ஆகவே குழு முதலில் கல்லை அரியட்டும். 7ஆம் நாள் முடிய அத்திவாரத்துக்குப் போனால் 13இல் முடிப்பார்கள், சுவர் சொன்னபடி 14இல் எழும்பும், மொத்தம் 34இலேயே நிற்கும்.

கூரை முடிகிற 27 என்பது வேலைநாள். ஞாயிறு ஓய்வென்றால் செப்டெம்பர் முதலாந் திகதி தொடங்கினாலும் ஒக்டோபர் முதல் கிழமை ஆகிவிடும், மாரிமழையும் அந்த மாதத்திலேதான் தொடங்கும். ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே கல் அரியத் தொடங்குங்கள்.