ஆறு கட்டுரை, ஐந்து பக்க ரெஸ்யூமே: கம்பெனிக்காரர் எதைப் பார்க்கிறார்?

“லித்தியம் அயனி பேட்டரியின் கேத்தோடு பொருளில் பிஎச்.டி. முடித்திருக்கிறேன். ஆறு கட்டுரைகள், நான்கில் நான்தான் முதல் ஆசிரியர். செல் தயாரிக்கும் கம்பெனிகளில் பிராசஸ் இன்ஜினியர், டெஸ்டிங் இன்ஜினியர் வேலைகளுக்கு ஐந்து பக்க ரெஸ்யூமே அனுப்பி வருகிறேன். ‘இண்டஸ்ட்ரி அனுபவம் இல்லை’ என்று ஒரே ஒரு பதில் வந்தது, மற்றபடி மௌனம். ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். கட்டுரைகளை அனுபவமாகக் காட்டுவது எப்படி?”
– வாசகர், திருச்சி

உங்கள் ரெஸ்யூமேயில் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற தலைப்பே இல்லை. ஐந்து வருடம் முழுநேரமாகச் செய்த வேலை ‘எஜுகேஷன்’ பகுதியில், தீசிஸ் தலைப்போடு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. முதல் சல்லடை பிடிக்கும் எச்.ஆர். ஆள் அனுபவம் எத்தனை வருடம் என்று தேடுகிறார், காணவில்லை, பூஜ்யம் என்று குறித்துக்கொள்கிறார். உங்களுக்கு வந்த அந்த ஒற்றைப் பதிலின் பொருள் பெரும்பாலும் இதுதான். ஆகவே ‘முழுநேர ஆய்வாளர், கேத்தோடு தயாரிப்பும் செல் சோதனையும்’ என்று தொடங்கிய மாதம், முடித்த மாதத்தோடு முதல் பக்கத்திலேயே அனுபவமாகப் போடுங்கள். ‘சீனியர் சயின்டிஸ்ட்’ என்றெல்லாம் இல்லாத பதவியைச் சூட்டிக்கொள்ள வேண்டாம். ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். என்றால் அதையே எழுதலாம்.

இது சுலபமான பகுதி. எச்.ஆரைத் தாண்டியதும் ரெஸ்யூமே போய்ச் சேருவது தொழில்நுட்ப மேலாளரிடம். உங்கள் கட்டுரைகள் அடிபடுவது அங்கேதான்.

உங்கள் இரண்டாவது கட்டுரையை எடுத்துக்கொள்வோம். அலுமினா பூசிய என்எம்சி 811 என்ற நிக்கல் மிகுந்த கேத்தோடு பொருள், 100 சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும் 92 சதவீதக் கொள்ளளவு. ரெஸ்யூமேயில் தலைப்பும் இம்பாக்ட் ஃபேக்டரும் மட்டும் இருக்கின்றன. செல் ஆலையில் வேலை பார்ப்பவர் அந்த 92ஐப் பார்த்து வியப்பதில்லை. அவர் மனதில் ஓடுவது வேறு: இது காயின் செல்லாக இருக்கும், எலெக்ட்ரோடு மெல்லியதாக, சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிகிராம் அளவில் இருக்கும், தொழிற்சாலை எலெக்ட்ரோடில் அது 20ஐ ஒட்டி நிற்கும். எதிர்முனையில் லித்தியம் உலோகம் இருப்பதால் லித்தியம் தீரவே தீராது. கிராஃபைட்டை எதிரில் வைத்தால் இதே பொருள் சீக்கிரம் தளரலாம். எலெக்ட்ரோலைட்டும் தாராளமாக ஊற்றியிருப்பார்கள். ஆக, கண்டுபிடிப்பு அப்படியே அவருடைய லைனில் வேலை செய்யாது என்பது அவருக்குத் தெரியும்.

அதனால் உங்கள் கட்டுரை வீண் என்று அர்த்தமில்லை. விலைபோகும் சரக்கு முடிவில் இல்லை, அந்த முடிவுக்கு வந்து சேர நீங்கள் செய்த வேலையில் இருக்கிறது. பாதி வேலை கட்டுரைக்குள் வந்திருக்கவே வந்திருக்காது. கட்டுரையை மூடிவிட்டு ஆய்வக நோட்டை எடுங்கள்.

என்எம்சி 811ஐக் கையாண்டவர் எவருக்கும் உலோகத் தாளில் பூசும் குழம்பான ஸ்லரி கெட்டிப்பட்ட நாட்கள் நினைவிருக்கும். தூள் காற்றில் கொஞ்ச நேரம் கிடந்தால் மேற்பரப்பில் லித்தியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் படியும். அந்தக் காரத்தன்மை, தூளை ஒட்டவைக்கும் பைண்டராகப் போடும் பிவிடிஎஃப்பைத் தாக்கும். அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். பிளேடில் வழிய வேண்டிய ஸ்லரி ஜெல்லி போலக் கட்டிக்கொண்டு கோட்டிங்குக்கு வராது. ஈரப்பதம் கூடிய நாளில் இன்னும் மோசம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இருக்காது, ஏனென்றால் அந்த ஸ்லரியைக் கொட்டிவிட்டு அடுத்ததைக் கலந்திருப்பீர்கள். ஆனால் நிக்கல் அதிகமுள்ள கேத்தோடு ஓட்டும் ஆலையில் இது மாதச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துத் தடுக்கிற பிரச்சினை.

நோட்டில் எண்ண வேண்டியவை இவைதான்: எத்தனை தொகுதி ஸ்லரி கலந்தீர்கள், எத்தனை கெட்டுப்போயின, எதை மாற்றியதும் நின்றது. எண்ணிக்கை இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: முதல் வருடம் 30 தொகுதியில் 8 கெட்டிப்பட்டன, தூளை வெற்றிடத்தில் 120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, புட்டியைத் திறந்த அன்றே கலந்த பிறகு 40 தொகுதியில் 1 மட்டும். அப்போது ரெஸ்யூமே வரி, நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும், சொல்ல வேண்டிய பொருள் இது:

‘என்எம்சி 811 ஸ்லரி ஜெல் ஆவதன் காரணத்தைத் தூளின் மேற்பரப்பு லித்தியம் எச்சத்தில் கண்டறிந்து, உலர்த்தும் முறையையும் திறந்துவைக்கும் நேரத்தையும் மாற்றினேன், கழிவு 30க்கு 8 தொகுதியிலிருந்து 40க்கு 1 ஆகக் குறைந்தது. தொகுதி அளவு 5 கிராம்.’

கடைசியில் நிற்கும் அந்த 5 கிராமை மறைக்க ஆசை வரும். மறைக்காதீர்கள். நேர்முகத்தில் முதல் நிமிடத்திலேயே தொகுதி அளவைக் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள். நீங்களே எழுதியிருந்தால், லைனின் அளவுக்கும் ஆய்வகத்தின் அளவுக்கும் உள்ள தூரம் தெரிந்த ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள். 92 சதவீதத்துக்கும் இதே கணக்குதான். எழுதினால் ‘காயின் செல், லித்தியம் எதிர்முனை, சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிகிராம்’ என்ற நிபந்தனையோடு எழுதுங்கள்.

நீங்கள் இரண்டு விதமான வேலைக்கு ஒரே ரெஸ்யூமேயை அனுப்புகிறீர்கள். அதே கட்டுரை பிராசஸ் வேலைக்கு மேலே சொன்ன ஸ்லரி கதையாகும். டெஸ்டிங் வேலைக்கு ஸ்லரியை ஒரு வரியாகச் சுருக்கிவிட்டு, செல்லைத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றி இறக்கும் சைக்ளர் பக்கம் திரும்ப வேண்டும்: எத்தனை சேனல், மொத்தம் எத்தனை செல் ஓட்டினீர்கள், எதை வைத்து ஒரு செல்லை ‘இது கணக்கில் சேராது’ என்று ஒதுக்கினீர்கள். நம் ஊர் ஆய்வகங்களில் பலரும் பார்த்த ஒரு விஷயம் உண்டு. வெப்ப அறை இல்லாமல் மேசையிலேயே செல்லை ஓட்டினால், பகலில் ஏ.சி., இரவில் அது நின்று அறை சூடாக, கொள்ளளவு வரைபடம் தினமும் ஒரு முறை அலை போல ஏறி இறங்கும். அந்த அலை பொருளின் குணமல்ல, அறையின் குணம் என்று கண்டுபிடித்து, வெப்பநிலையையும் பதிவு செய்யத் தொடங்கியிருந்தால் அது ஒரு முழு வரிக்குத் தகுதியானது. சோதனைத் தரவை நம்பலாமா என்று முதலில் சந்தேகப்படுகிற ஆளைத்தான் டெஸ்டிங் மேலாளர் தேடுகிறார். பைத்தான் தெரியும் என்று திறமைப் பட்டியலில் போடுவதைவிட, சைக்ளர் கோப்புகளைத் தானே படித்து வழிமாறிய செல்லைக் காட்டும் ஸ்கிரிப்ட் எழுதினேன், ஆய்வகத்தில் இத்தனை பேர் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது நின்று பேசும்.

மூன்றாவதாக ஒரு வேலையும் இருக்கிறது, நீங்கள் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை: உள்ளே வரும் மூலப்பொருளின் தரச் சோதனை. எக்ஸ்ஆர்டி, துகள் அளவு, அமில டைட்ரேஷனில் லித்தியம் எச்சம் பார்ப்பது எல்லாம் அங்கே அன்றாட வேலை. இரண்டு சப்ளையரிடம் தூள் வாங்கி ஒப்பிட்டு, ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தச் சம்பவத்துக்கு ரெஸ்யூமேயில் இடம் உண்டு.

இனி எதிர்ப்பக்கம். கட்டுரையை பிசினஸ் மொழிக்கு மாற்றுங்கள் என்று யாரோ சொல்லி, உங்கள் ரெஸ்யூமேயின் கடைசிப் பக்கத்தில் ‘பிராஜெக்ட் மேனேஜ்மென்ட், ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட், லீடர்ஷிப்’ என்று மூன்று வந்து உட்கார்ந்திருக்கின்றன. வழிகாட்டியோடு வாரம் ஒருமுறை பேசியதை ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட் என்று எழுதினால் படிப்பவர் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். அந்தச் சொற்களை எடுத்துவிட்டு நடந்ததை எழுதுங்கள். கிளவ் பாக்ஸின் ஈரப்பதம் 1 பிபிஎம்முக்கு மேல் ஏறாமல் மூன்று வருடம் பார்த்துக்கொண்டது நீங்களா? எம்.எஸ்சி. மாணவர்களுக்கு செல் கிரிம்ப் செய்யக் கற்றுக்கொடுத்து, அவர்கள் செய்த செல்லில் ஷார்ட் குறைந்ததா? உபகரணம் வாங்க மூன்று மேற்கோள் வாங்கி ஒப்பீட்டுத் தாள் தயாரித்தீர்களா? இவை எல்லாம் மேலாண்மைதான், பெயர் மட்டும் போட வேண்டியதில்லை.

எந்த வரி நிற்கும், எது விழும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: வரியைப் பேட்டரி தெரிந்த நண்பரிடம் கொடுத்து, அதிலிருந்தே மூன்று கேள்வி தொடர்ச்சியாகக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை? ஏன் அப்படி முடிவெடுத்தாய்? அதில் உன் கை எது? மூன்றாவதில் ‘நாங்கள்’ என்று வாயில் வந்தால் அந்த வரியில் உங்கள் பங்கு தெளிவாக இல்லை என்று அர்த்தம். முதல் ஆசிரியர் அல்லாத இரண்டு கட்டுரைகளில் இது முக்கியம். பக்கத்து ஆய்வகத்துக்கு எக்ஸ்ஆர்டி தரவை ரீட்வெல்ட் முறையில் பகுத்துக் கொடுத்ததால் மூன்றாவது பெயராக வந்திருந்தால், அதை அப்படியே சொல்லுங்கள். அடுத்த குழுவின் வேலையை நேரத்துக்கு முடித்துக் கொடுப்பவர் என்பது கம்பெனியில் புரிகிற விஷயம்.

மொத்தம் இரண்டு பக்கம் போதும். கட்டுரைகளில் வேலைக்குப் பொருந்தும் மூன்றை மட்டும் கடைசியில் டிஓஐ இணைப்போடு வைத்து, முழுப் பட்டியலுக்கு ஒரு இணைப்பு கொடுத்துவிடலாம். இம்பாக்ட் ஃபேக்டர், எச்-இண்டெக்ஸ், கருத்தரங்கில் கலந்துகொண்ட சான்றிதழ்கள் எல்லாம் போகட்டும். ஆராய்ச்சிப் பிரிவுக்கு விண்ணப்பித்து, அதன் தலைவரும் பிஎச்.டி. என்றால் முழுப் பட்டியலைத் தனிக் கோப்பாக இணைப்பதில் தவறில்லை. காப்புரிமை விண்ணப்பத்தை ‘பேட்டன்ட்’ என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள்; தாக்கலானதா, வெளியிடப்பட்டதா, வழங்கப்பட்டதா என்று நிலையைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகிவிடும். வெளியானதும் யாரும் தேடிப் பார்த்துவிடலாம். பட்டச் சான்றிதழ் கைக்கு வரவில்லையென்றால், வைவா முடிந்த தேதியையும் புரொவிஷனல் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சேரும் நேரத்தில் எச்.ஆர். கேட்பது அதைத்தான்.

ஒன்றை மட்டும் அனுப்பும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் ஐந்தாவது கட்டுரையின் நன்றியுரையில் ஒரு நிறுவனம் நிதியளித்த புராஜெக்ட் என்று இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருந்தால், கட்டுரையில் வெளியாகாத கலவை விகிதமும் கழிவுக் கணக்கும் அவர்களுடையதாக இருக்கலாம். வழிகாட்டியிடம் எழுத்தில் கேட்டுவிட்டு அந்த வரியைச் சேருங்கள். அதுவரை வெளியான எண்கள் போதும்.